மூன்று மதிப்பெண்ணில் தொங்கும் முடிவு

நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், அதை யூகத்துக்கு விடாமல் எண்ணிப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. கனடாவில் பிலிப் வெல்ஸும் அவருடைய சகாக்களும் உருவாக்கி, 2000ஆம் ஆண்டில் எளிமையாக்கித் தந்த மதிப்பெண் முறை அது. அதில் ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். கூட்டுத்தொகை 4-ஐத் தாண்டினால் நேராக சி.டி. ஸ்கேன். 4 அல்லது அதற்குக் கீழே என்றால் முதலில் டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை. அது இயல்பாக இருந்தால் ஸ்கேன் வேண்டாம், நோயாளி வீட்டுக்குப் போகலாம்.

இந்த முறை நல்ல முறை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ரத்தக்கட்டி வர அதிக வாய்ப்புள்ள நோயாளியிடம்தான், அதாவது நாள்கணக்கில் படுக்கையில் கிடந்தவரிடம்தான், இது தடுமாறுகிறது. எங்கே தடுமாறுகிறது என்று தெரிந்தால்தான் இதைச் சரியாகப் பயன்படுத்த முடியும்.

ஒரு நோயாளியை வைத்தே பார்ப்போம். 62 வயதுப் பெண்மணி. வாசல்படியில் வழுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. அறுவை சிகிச்சை இல்லை, மாவுக்கட்டுதான். பதினெட்டு நாளாகப் படுக்கை. ஒரு காலையில் மகள் தாங்கிப் பிடிக்க, கழிப்பறைக்குப் போக எழுந்தவருக்கு வலது விலாப் பக்கம் குத்தூசி பாய்ந்ததுபோல் வலி. மூச்சை இழுத்தால் வலி வெட்டுகிறது, அதனால் அரை மூச்சோடு நிறுத்திக்கொள்கிறார். மருத்துவமனையில் பார்த்தால் நாடித்துடிப்பு 112, ரத்த அழுத்தம் 110/70, ஆக்சிஜன் அளவு 91 சதவீதம். காய்ச்சல் இல்லை. இ.சி.ஜி.யில் வேகமான துடிப்பைத் தவிர வேறு மாற்றம் இல்லை. எக்ஸ்ரே தெளிவாக இருக்கிறது.

இவருக்கு மதிப்பெண் போடுவோம். நாடி நூறைத் தாண்டியதற்கு 1.5. மூன்று நாளுக்கு மேல் படுக்கையில் இருந்ததற்கு 1.5. முன்பு ரத்தக்கட்டி வந்ததுண்டா? இல்லை. இருமலில் ரத்தம்? இல்லை. புற்றுநோய்? இல்லை. அடுத்தது, காலில் ரத்தக்கட்டிக்கான அடையாளம், அதாவது வீக்கமும் ஆழமான சிரையின் வழியே தொட்டால் வலியும் இருக்கிறதா என்ற கேள்வி. இதற்கு 3 மதிப்பெண். ஆனால் அந்தக் கால் மாவுக்கட்டுக்குள் இருக்கிறது. அளந்து பார்க்கவும் முடியாது, அமுக்கிப் பார்க்கவும் முடியாது. படிவத்தில் பூஜ்யம் என்று விழுகிறது. அடையாளம் இல்லை என்பதும் அடையாளத்தைப் பார்க்கவே முடியவில்லை என்பதும் அந்தப் படிவத்தில் ஒரே பூஜ்யம்தான். இதுவரை கூட்டினால் 3.

மீதி இருப்பது ஒரே ஒரு கேள்வி: இந்த நோயாளியின் நிலைக்கு வேறு ஒரு நோய் காரணமாக இருக்கும் வாய்ப்பு, நுரையீரல் அடைப்பைவிடக் குறைவா? ஆம் என்றால் 3 மதிப்பெண் சேர்ந்து 6 ஆகிறது, உடனே ஸ்கேன். இல்லை என்றால் 3-லேயே நின்று, டி-டைமர் வரிசைக்குப் போகிறார். கணக்குப்போலத் தோன்றும் இந்த முறையில், இந்தப் பெண்மணியின் முடிவு முழுக்க மருத்துவரின் மனத்தில் எழும் ஒரு எடைபோடலில் தொங்குகிறது. அந்தக் கேள்வியை அகநிலையானது என்று குறை சொல்பவர்கள் உண்டு. அது அகநிலையானதுதான். ஆனால் என் பார்வையில் இந்த முறையின் உயிரே அந்தக் கேள்விதான். அவசரத்தில் அதை ஒரு டிக் அடித்துக் கடந்துபோவதுதான் ஆபத்து. அதற்கு விடை சொல்ல, மற்ற நோய்களை ஒவ்வொன்றாக எடுத்து விலக்கியாக வேண்டும்.

மாரடைப்பா? மாரடைப்பின் வலி பெரும்பாலும் நெஞ்சை அழுத்தும், பரவும். மூச்சோடு கூடிக் குறையாது. இ.சி.ஜி.யும் அதைக் காட்டவில்லை. ட்ரோபோனின் சற்று உயர்ந்திருந்தாலும் அதை மட்டும் வைத்து மாரடைப்பு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நுரையீரல் அடைப்பில் இதயத்தின் வலப்பக்கம் திணறும்போதும் அது உயரும். நிமோனியாவா? காய்ச்சல் இல்லை, சளி இல்லை, எக்ஸ்ரேயில் நிழல் இல்லை. நொடியில் தொடங்குவது அதன் இயல்பும் அல்ல. நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்துவிட்டதா? அதை எக்ஸ்ரேயே விலக்கிவிட்டது. விலா எலும்பு, தசைப் பிடிப்பு? வாயு? நம் வீடுகளிலும் சில சிறு மருத்துவமனைகளிலும் முதலில் சொல்லப்படுவது இவைதான். ஆனால் தசைப் பிடிப்பும் வாயுவும் ஆக்சிஜனை 91-க்கு இறக்காது.

தெளிவான எக்ஸ்ரேயும் குறைந்த ஆக்சிஜனும் சேர்ந்து நிற்கும் அந்த இடத்தில் நிதானித்துப் பார்க்க வேண்டும். காற்றறைகள் திறந்திருக்கின்றன, காற்று உள்ளே போய்வருகிறது, அதனால் படம் தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்தக் காற்றைச் சந்திக்க வேண்டிய ரத்தம் அங்கே வந்து சேரவில்லை. அது வேறு வழியில் தள்ளப்பட்டு, போதிய ஆக்சிஜனை ஏற்றிக்கொள்ளாமலே திரும்புகிறது. எனவே எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பது இங்கே ஆறுதல் தரும் செய்தி அல்ல, சந்தேகத்தைக் கூட்டும் செய்தி. இவ்வளவும் யோசித்த பிறகு போடும் 3 மதிப்பெண்ணுக்குத்தான் எடை உண்டு.

வலியும் ஒரு தடயம். நுரையீரலின் உட்பகுதிக்கு வலி தெரியாது. அதைப் போர்த்தியிருக்கும் உறைக்குத்தான் தெரியும். காலின் ஆழத்தில் உறைந்த கட்டி பிய்ந்து, இதயத்தின் வழியாக நுரையீரலின் ஓரத்துச் சிறு கிளையில் போய் மாட்டும்போது, அந்த ஓரப்பகுதி பட்டினி கிடந்து புண்ணாகி உறையை உரசுகிறது. மூச்சை இழுக்கும்போது குத்துகிறது. பெரிய கட்டி நடுக்குழாயை அடைத்தால் குத்துவலியே இல்லாமல் மயங்கி விழுவதும், ரத்த அழுத்தம் சரிவதும் நடக்கலாம். ஆக, கூர்மையான வலியோடு, ரத்த அழுத்தம் தாங்கி நிற்கும் நிலையில் வருபவர் பெரும்பாலும் முதல் அடியைத் தாக்குப்பிடித்தவர். காலில் இன்னும் கட்டி மிச்சமிருக்கலாம்.

அடுத்த அடி எவ்வளவு கொடியது என்பதை 1960இல் பாரிட், ஜோர்டான் இருவரும் வெளியிட்ட சிறிய ஆய்வு காட்டியது. ரத்த உறைவுத் தடுப்பு மருந்து பெறாத 19 பேரில் 5 பேர் நுரையீரல் அடைப்பிலேயே இறந்தார்கள்; இன்னும் 5 பேருக்கு உயிர் போகாத மறு அடைப்பு வந்தது. மருந்து பெற்ற 16 பேரில் ஒருவர்கூட அடைப்பால் இறக்கவில்லை. சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் அதன்பிறகு, மருந்து கொடுக்காமல் ஒரு குழுவை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் துணிவு மருத்துவ உலகுக்கு எளிதில் வரவில்லை.

இந்தப் பின்னணியில்தான் டி-டைமரை எடைபோட வேண்டும். உறைந்த ரத்தத்தை உடல் கரைக்கும்போது மிஞ்சும் துணுக்கு அது. வழக்கமான எல்லை மில்லிலிட்டருக்கு 500 நானோகிராம்; ஐம்பது வயதைக் கடந்தவருக்கு வயதைப் பத்தால் பெருக்கிக்கொள்ளலாம், நம் நோயாளிக்கு 620. நடந்து வந்து மருத்துவரைப் பார்க்கும் இளைஞரிடம் இது அருமையாக வேலை செய்கிறது. நெதர்லாந்தில் 2006இல் வெளியான கிறிஸ்டோஃபர் ஆய்வில் மதிப்பெண் 4-க்கு மேற்படாமல், டி-டைமரும் இயல்பாக இருந்தவர்களை ஸ்கேன் இல்லாமல் அனுப்பினார்கள். அடுத்த மூன்று மாதத்தில் அவர்களில் இருநூறில் ஒருவருக்குத்தான் ரத்தக்கட்டி தென்பட்டது. வேறு பரிசோதனை இல்லாமல் இவ்வளவு உறுதி தருவது சாதாரண விஷயம் அல்ல.

ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வெளிநோயாளிகள். எலும்பு முறிந்தவருக்கும், அறுவை சிகிச்சை முடிந்தவருக்கும், தொற்று உள்ளவருக்கும் எந்த அடைப்பும் இல்லாமலே டி-டைமர் உயரும். நம் பெண்மணிக்கு அது 2,800 என்று வந்தால், எலும்பு முறிந்தது என்ற தெரிந்த செய்தியையே திரும்பச் சொல்கிறது. அதற்காகக் காத்திருந்த நேரம்தான் இழப்பு. சிறிய ஊரில் ரத்த மாதிரியை வேறு ஊர் ஆய்வகத்துக்கு அனுப்பிக் காத்திருந்தால் அந்த இழப்பு இன்னும் பெரிது. இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது: மதிப்பெண்ணே போடாமல் நெஞ்சுவலி என்று வந்த எல்லோருக்கும் டி-டைமர் எழுதி, உயர்ந்து வந்தவர்களையெல்லாம் ஸ்கேனுக்கு அனுப்புவது. முதலில் வாய்ப்பை எடைபோடு, பிறகு பரிசோதனை செய் என்ற வரிசையைக் கற்றுத்தந்ததுதான் வெல்ஸ் முறையின் பெரிய கொடை. அந்த வரிசையைத் தலைகீழாக்கினால் எண்கள் மட்டும்தான் மிஞ்சும்.

ஸ்கேன்கூட இறுதித் தீர்ப்பு அல்ல. 2006இல் வெளியான பயோபெட் 2 ஆய்வில் சி.டி. ஸ்கேன் அடைப்பு உள்ளவர்களில் 83 சதவீதம் பேரைத்தான் பிடித்தது. இன்றைய கருவிகள் அதைவிட மேம்பட்டவை. என்றாலும், சந்தேகம் வலுவாக இருந்து ஸ்கேன் ஒன்றுமில்லை என்றால், கால் சிரைகளுக்கு அல்ட்ராசவுண்ட் பார்ப்பது தேவை. சந்தேகமே இல்லாதவரின் ஸ்கேனில் ஓரத்தில் ஒரு பொட்டு தெரிந்தால் அதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. படத்தின் பொருளை, படம் எடுக்கும் முன் இருந்த சந்தேகத்தின் அளவும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

மதிப்பெண் 4-ஐத் தாண்டிய குழுவிலும் கிறிஸ்டோஃபர் ஆய்வில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கே அடைப்பு இருந்தது. ஆகவே 6 என்ற மதிப்பெண் நோயை உறுதி செய்வதில்லை. செயலில் இறங்கச் சொல்கிறது. 2019இன் ஐரோப்பிய இதயவியல் கழக வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது: வாய்ப்பு நடுத்தரமாகவோ அதிகமாகவோ இருந்தால், பரிசோதனைகள் நடக்கும்போதே உறைவுத் தடுப்பு மருந்தைத் தொடங்கிவிட வேண்டும். நம் பெண்மணிக்கு அண்மையில் அறுவை சிகிச்சை இல்லை, ரத்தக்கசிவு இல்லை. சிறுநீரகம் சரியாக இருந்தால் வயிற்றுத் தோலுக்கடியில் ஒரு ஹெப்பாரின் ஊசி போட்டுவிட்டு, பிறகு ஸ்கேன் உள்ள ஊருக்கு ஆம்புலன்ஸில் அனுப்பலாம். இதற்கு டி-டைமர் தேவையே இல்லை. படுக்கையில் கிடந்தவருக்கு அந்தப் பரிசோதனையை முதல் படியாக வைப்பதைக் கைவிட வேண்டும் என்பதே என் முடிவு.

வீட்டில் இருப்பவர்கள் கையிலும் ஒன்று இருக்கிறது. இந்தக் கணக்கு முழுவதும் தொடங்குவது, நோயாளி படுக்கையில் இருந்தார் என்ற செய்தியிலிருந்து. மாவுக்கட்டு கண்ணுக்குத் தெரியும். பத்து நாள் காய்ச்சலில் படுத்திருந்ததோ, மூன்று வாரத்துக்கு முன் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதோ தெரியாது. அவசரப் பிரிவில் நெஞ்சுவலி என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளாதீர்கள். எத்தனை நாள் படுத்திருந்தார், எந்தக் கால் வீங்கியது, வலி எந்த நொடியில் தொடங்கியது என்பதையும், யாரும் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்.