துணிப்பைக் காணொளியின் அறுபது விநாடி: ஒரு மாணவியின் வசனம் குறித்து

படிவம் நான்கு மாணவி ஒருவர் எழுதிய வசனம் இது. வீட்டிலேயே துணிப்பை தைத்து விற்கத் தொடங்கியிருக்கும் அவருடைய அம்மா, கேமரா முன் நின்று தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். நேரம் அறுபது விநாடி.

வசனத்தில் 172 சொற்கள் இருந்தன. கைப்பேசியில் நேரம் வைத்து வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். ஒரு நிமிடம் நாற்பத்தொரு விநாடி ஆனது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு சொல்தான் வரும். பையைத் தூக்கிக் காட்ட இடம் வேண்டுமானால் தொண்ணூறு போதும்.

அப்படியானால் எதை வெட்டுவது? முதல் ஐந்து வாக்கியங்களையும் எடுத்துவிடலாம். அவை நெகிழியின் தீமையைச் சொல்கின்றன. பினாங்கில் 2011-லும் சிலாங்கூரில் 2017-லும் பிளாஸ்டிக் பைக்கு எல்லா நாளும் 20 சென் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். பார்ப்பவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. அம்மா யார் என்பது அரை நிமிடம் கழித்துத்தான் தெரிகிறது. மாணவியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கட்டுரைக்கு முன்னுரை எழுதப் பழக்கியவர்கள் நாம்தானே!

அசல் சங்கதி பதினொன்றாவது வாக்கியத்தில் ஒளிந்திருக்கிறது: ‘பொருள்கள் சாலையில் சிதறியமையே இத்தொழில் தொடங்கக் காரணமாகும்.’ அம்மா வீட்டில் இப்படியா பேசுவார்? அவரிடமே கேட்டு எழுதச் சொன்னேன். மறுநாள் வந்தது இது:

“வணக்கம். பாசார் மாலாம்ல ஒருநாள் பை அறுந்து, வாங்கின வெங்காயம் எல்லாம் ரோட்ல உருண்டுச்சு. அன்னிக்கு ராத்திரியே பழைய ஜீன்ஸ வெட்டி ஒரு பை தைச்சேன். இதோ, இதுதான். இன்னும் கிழியல.”

பதினைந்து விநாடிக்குள் ஆளும் தெரிகிறார், பையும் தெரிகிறது.

இன்னொன்றையும் திருத்த வேண்டியிருந்தது. ‘எங்கள் பையை வாங்கினாலே பூமியைக் காப்பாற்றலாம்’ என்ற வரி உண்மையல்ல. பருத்தி விளைவிக்கவும் நெய்யவும் நிறைய நீரும் மின்சாரமும் செலவாகின்றன. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வில், புவி வெப்பமடைதல் கணக்கில் ஒரு பருத்திப் பை மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமானால் 131 முறை பயன்பட வேண்டும் என்று கண்டார்கள். ஆக, பை எத்தனை நாள் உழைக்கிறது என்பதே பேச்சு. கைப்பிடி சேரும் இடத்தில் அம்மா சதுரமாகத் தைத்து, நடுவே குறுக்காகவும் இரண்டு தையல் போடுகிறார். வசனத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை! அதைக் கிட்டத்தில் காட்டிவிட்டு, ஐந்து கிலோ அரிசியை உள்ளே வைத்துத் தூக்கினால் போதும். பத்து விநாடிக்குப் பேச்சே வேண்டாம்.

முடிவில் ‘அனைவரும் பேராதரவு நல்குமாறு’ என்று இருந்தது. “உங்களுக்கு என்ன அளவு வேணும்னு வாட்ஸ்அப் பண்ணுங்க” என்று மாற்றிக்கொண்டார். எண்ணை வாயால் சொல்ல வேண்டாம், திரையில் போட்டுவிடலாம் என்றேன்.