ஒப்புமை சான்றாகாது

ரோம்பெர்க் முறையில் கடைசி வரிசையின் அடுத்தடுத்த இரு மதிப்புகள் நெருங்கிவிட்டால் விடை வந்துவிட்டது என்று எழுதுவது மாணவர்களிடையே வழக்கமாகிவிட்டது. பாடக் குறிப்புகளும் அதையே நிறுத்தும் விதியாகத் தருகின்றன. இந்த நம்பிக்கை தவறானது.

1955இல் ரோம்பெர்க் தந்த முறையின் சிறப்பை மறுக்கவில்லை. படியைப் பாதியாக்கும்போது பழைய புள்ளிகள் வீணாவதில்லை. eˣ-ஐ 0 முதல் 1 வரை தொகையிட 5 புள்ளிகளே போதும்: சரிவக விதி 1.727222 தருகிறது, அட்டவணையின் மூலையில் 1.718283 நிற்கிறது. உண்மை மதிப்பு 1.718282.

ஆனால் இந்த வெற்றிக்கு ஒரு நிபந்தனை உண்டு. சரிவக விதியின் பிழை h², h⁴, h⁶ என்று இரட்டைப்படை அடுக்குகளிலேயே அமைய வேண்டும். 4, 16, 64 என்ற பெருக்கிகள் அந்த அடுக்குகளை நீக்குவதற்காகவே வந்தவை. இப்போது √x-ஐ அதே இடைவெளியில் தொகையிடுவோம். 0இல் இதன் வகைக்கெழு முடிவிலி. எனவே பிழை h^1.5 என்ற அடுக்கில் தொடங்குகிறது. அதை நீக்கும் பெருக்கி அட்டவணையில் எங்குமே இல்லை.

1, 2, 4, 8 பகுதிகளுக்குச் சரிவக மதிப்புகள் 0.500000, 0.603553, 0.643283, 0.658130. இவற்றிலிருந்து கிடைக்கும் கடைசி வரிசை: 0.658130, 0.663079, 0.663516, 0.663607. இறுதி இரண்டும் 0.00009 அளவே வேறுபடுகின்றன. மாணவர் அங்கே நிறுத்திவிடுவார். உண்மை மதிப்போ 2/3. பிழை 0.00306, அதாவது அந்த வேறுபாட்டைப் போல 30 மடங்குக்கும் மேல்.

மதிப்புகள் ஏன் நெருங்கின? ஒவ்வொரு திருத்தமும் ஒரு வேறுபாட்டை 3, 15, 63 என வளரும் எண்ணால் வகுத்துக் கிடைப்பது. வகுக்கும் எண் பெருகப் பெருகத் திருத்தம் சுருங்கத்தான் செய்யும். இங்கே கடைசித் திருத்தம் எஞ்சிய பிழையில் நூற்றில் 3 பங்கைத்தான் நீக்கியது. ஆகவே அந்த நெருக்கம் விடையின் துல்லியத்தைக் காட்டவில்லை. வகுத்தலின் விளைவையே காட்டியது.

இதைக் கண்டுபிடிக்கும் வழி முதல் நிரலிலேயே இருக்கிறது. அடுத்தடுத்த வேறுபாடுகள் 0.103553, 0.039730, 0.014847. அவற்றின் விகிதங்கள் 2.61, 2.68. அவை 4-ஐ நெருங்காமல் 2.83-ஐ நோக்கி, அதாவது 2-இன் 1.5ஆம் அடுக்கை நோக்கி, நகர்கின்றன. eˣ-க்கு முதல் விகிதமே 3.94.

விகிதம் 4-க்கு வராவிட்டால் அட்டவணையை நீட்டாதீர்கள், சார்பை மாற்றுங்கள். x = t² என்று பிரதியிட்டால் தொகையிட வேண்டியது 2t². சரிவக மதிப்புகள் 1, 0.75. ஒரே ஒரு திருத்தம்: (4 × 0.75 − 1)/3 = 2/3.